இருபத்தைந்துக்கு ஒன்பது: ஒரு கோப மடலும் அதற்கு எழுதிய பதிலும்

அந்த மின்னஞ்சல் வியாழக்கிழமை இரவு 10.40-க்கு வந்தது. பின்னங்கள் பாடத்துக்கு நான் வைத்த தேர்வின் மதிப்பெண் பட்டியல் அன்று மாலைதான் வீடுகளுக்குப் போயிருந்தது. தேர்வு 25 மதிப்பெண்ணுக்கு. மடல் எழுதிய தந்தையின் மகன் 9 வாங்கியிருந்தான். மடலை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, அப்படியே தருகிறேன்.

"ஆசிரியை அவர்களுக்கு. என் மகன் கணக்கில் 25-க்கு 9 வாங்கி வந்திருக்கிறான். போன தேர்வில் 21 வாங்கிய பையன் ஒரே மாதத்தில் மக்காகிவிட்டானா? மூன்று நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டான். உங்கள் வகுப்பில் என்னதான் நடக்கிறது? ஒன்று, உங்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. இல்லை, திருத்தத் தெரியவில்லை. கை தூக்கினாலும் நீங்கள் கவனிப்பதில்லை என்கிறான். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். எனக்குப் பதில் வேண்டும். தலைமை ஆசிரியருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்."

படித்து முடித்தபோது எனக்குக் காது சுட்டது. பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறவளைப் பார்த்துத் திருத்தத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் சுடத்தான் செய்யும். அந்தச் சூட்டோடு உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன். மின்னஞ்சல் பெட்டியில் எழுதவில்லை, நோட்டில் பேனாவால் எழுதினேன். கோபம் வந்தால் எழுதிவிடுவது எனக்கு நல்லது. ஆனால் 'அனுப்பு' பொத்தானும் என் கோபமும் ஒரே திரையில் இருக்கக் கூடாது என்பதை ஒரு பழைய அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். அந்த நோட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் இருந்த சில வாக்கியங்களைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை 6.30-க்கு நான் அனுப்பியது மூன்று வரிதான்: "ஐயா, உங்கள் மடலைப் படித்தேன். விடைத்தாளை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறேன். இன்று மாலை நான்கு மணிக்குள் விவரமாக எழுதுகிறேன்." விளக்கமோ மன்னிப்போ அதில் இல்லை. எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கோபமாக எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஒரு புதிய சந்தேகத்தைக் கொண்டுவரும். நான்கு மணி என்று ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அந்த நான்கு மணி வரைக்கும் பொறுப்பார். அவரும் பொறுத்தார். இரண்டாவது மடல் வரவில்லை.

பள்ளிக்குப் போனதும் முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "மடல் பார்த்திருப்பீர்கள், மாலைக்குள் பதில் போடுகிறேன், உங்களுக்கும் நகல் வரும்" என்றேன். அவர் முந்திக்கொண்டு தனியாக ஒரு பதில் அனுப்பிவிட்டால் தந்தைக்கு இரண்டு குரல்கள் கேட்கும். அதைத் தவிர்க்கத்தான் போனேன். என் பக்கத்து நியாயத்தை அவரிடம் சொல்லத் தொடங்கவில்லை. சொல்வதற்கு இன்னும் ஒன்றும் கையில் இல்லை.

பிறகு அந்த மடலை மறுபடி படித்தேன். கோபத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் அதில் நான் சரிபார்க்கக்கூடியவை மூன்று இருந்தன. 9 என்பது சரியா? 21 எடுத்தவன் 9-க்கு எப்படி வந்தான்? கை தூக்கியும் நான் பார்க்கவில்லையா? நான்காவதாக ஒரு செய்தி, கடைசிக்குச் சற்று முன், போகிறபோக்கில் வந்து விழுந்திருந்தது: ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். மடல் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர் அவர். முதல் வரியில் அதை எழுதியிருந்தால் எனக்குக் காது சுட்டிருக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் பள்ளியில் விடைத்தாளை வகுப்பில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவைத்துக்கொள்வது வழக்கம். வீட்டுக்குப் போவது மதிப்பெண் மட்டும். அதாவது, அந்தத் தந்தை தாளையே பார்க்கவில்லை. அவர் கையில் இருந்தது 9 என்ற ஓர் எண். போன மாதத்து 21-ஐயும் தன் மூன்று நாள் உழைப்பையும் அதன் பக்கத்தில் வைத்தால், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

விடைத்தாளைப் பிரித்தேன். கூட்டலை மட்டும் சரிபார்த்துவிட்டு மூடிவைப்பதை மறுபார்வை என்று சொல்ல முடியாது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய தாளைத் திருத்துவதுபோல முதல் கேள்வியிலிருந்து போக வேண்டும். அப்படிப் போனபோது எட்டாவது கேள்விக்கு விடையே இல்லை. நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கடைசிப் பக்கத்தில், கிறுக்கல் கணக்குகளுக்குக் கீழே, "8" என்று வட்டமிட்டு விடை இருந்தது. சரியான விடை. இரண்டு மதிப்பெண். முப்பத்தாறு தாள்களை ஒரே மூச்சில் திருத்தியபோது அந்தப் பக்கத்தை வெறும் கிறுக்கல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். திருத்தத் தெரியவில்லை என்று அவர் எழுதியது முழுக்கப் பொய்யில்லை.

9 போய் 11 ஆயிற்று. அதுவும் குறைந்த மதிப்பெண்தான். மீதி 14 எங்கே போயிற்று என்று பார்த்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஒன்று தவறு. கூட்டலும் பெருக்கலும் சரி. ஒன்பதும் பத்தும் கலப்பு பின்னங்களைக் கழிக்கும் கணக்குகள், இரண்டும் தவறு. பதினொன்று ஐந்து மதிப்பெண் கணக்கு; அதில் 1 வாங்கியிருந்தான். பன்னிரண்டாவது கேள்வியை எழுதவே இல்லை, அதற்கும் ஐந்து.

ஒன்பதாம் கேள்வி இது: 5 1/4 − 2 3/4. அவன் எழுதியிருந்த விடை 3 2/4. பத்தாவது 7 1/3 − 4 2/3. விடை 3 1/3 என்று இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பையனின் கை எப்படிப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முழு எண்களைத் தனியாகக் கழித்திருக்கிறான்: ஐந்தில் இரண்டு போக மூன்று, ஏழில் நான்கு போக மூன்று. பின்னத்துக்கு வந்ததும், கால் பங்கிலிருந்து முக்கால் போகாது என்பதால், எண்களைத் திருப்பி முக்காலிலிருந்து காலைக் கழித்துவிட்டான். சரியான வழி, ஐந்தில் ஒன்றை உடைத்து நான்கு கால்களாக்கிக்கொள்வது. 5 1/4 என்பது 4 5/4 ஆகும். அதிலிருந்து 2 3/4 போனால் 2 2/4, அதாவது இரண்டரை.

இது கவனக்குறைவில் வரும் தவறு அன்று. ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-ல் எழுதிய ஆய்வொன்றில் குழந்தைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் பல ஓர் ஒழுங்கோடு வருகின்றன என்று காட்டினார்கள். குழந்தை தன் மனத்தில் ஒரு விதியை வைத்துக்கொண்டு, அந்த விதியைப் பிசகாமல் பின்பற்றித் தவறான விடைக்குப் போகிறது. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது அவற்றுள் மிகப் பழக்கமான ஒன்று. அவர்கள் பார்த்தது முழு எண்களை. என் மாணவன் அதையே பின்னத்துக்குக் கொண்டுவந்திருந்தான். ஒரே தாளில் இரண்டு மூன்று இடங்களில் அதே வகையில் தவறு வந்தால் அது விதிப்பிழை. ஓர் இடத்தில் வந்து இன்னோர் இடத்தில் வராவிட்டால் கைப்பிழை. விதிப்பிழை உள்ள பிள்ளையிடம் "இன்னும் கவனமாகப் போடு" என்றால், அதே தவற்றை இன்னும் கவனமாகப் போடும்.

பதினொன்றாம் கேள்வியில் 6 1/5 மீட்டர் கயிற்றிலிருந்து 2 4/5 மீட்டர் வெட்டியபின் மீதியை இரண்டு சம துண்டாக்க வேண்டும். கழித்தலில் அதே பிழை, விடை 4 3/5. அதற்குப் பிறகு அந்தத் தவறான எண்ணை இரண்டால் வகுத்ததில் பிழையே இல்லை. எங்கள் விடைக்குறிப்பு, கழித்தல் தவறினால் வகுத்தலுக்கும் மதிப்பெண் இல்லை என்று சொன்னது. ஆக, ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றிலும் சேர்ந்து 8 மதிப்பெண் ஒரே பிழையில் போயிற்று.

பன்னிரண்டாவது கேள்வியை ஏன் விட்டான்? அதற்கும் ஒன்பதாம் கேள்விதான் பதில் சொன்னது. அங்கே தாள் நைந்து, ரப்பர் தேய்த்த இடத்தில் ஒரு மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று தடவை அழித்து எழுதிய பென்சில் தடம் தெரிந்தது. மூன்று தடவையும் 3 2/4. விடை சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, வேறு வழி தெரியவில்லை. நேரம் அங்கேதான் போயிருக்கிறது. அந்த ஓட்டையைப் பார்த்தபோது என் கோபம் இறங்கிவிட்டது. பொறுமையாக இருக்க வேண்டும் என்று என்னிடமே நான் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை அதற்குப் பிறகு வரவில்லை.

காலை இடைவேளையில் பையனைக் கூப்பிட்டேன். மடலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தந்தை புகார் எழுதினார் என்பது பிள்ளைக்கு ஆசிரியர் வழியாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த முறை வீட்டில் எதையும் சொல்லாது. "ஒன்பதாவது கணக்கை எனக்குப் போட்டுக் காட்டு, போடும்போதே என்ன செய்கிறாய் என்று சொல்" என்றேன். கழித்தல் குறி வரை நன்றாக வந்தவன் அங்கே நின்றான். "ஒன்றில் மூன்று போகாது டீச்சர். அதனால் திருப்பிப் போட்டேன்" என்றான். நான் ஊகித்ததை அவன் வாயாலேயே கேட்டாயிற்று. இது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பெற்றோருக்கு எழுதும் எந்த விளக்கமும் ஊகம்தான்.

இப்போது நோட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். இரவில் நான் எழுதியிருந்தவற்றில் இவை இருந்தன.

"வகுப்பில் 36 பேரில் 24 பேர் 18-க்கு மேல் எடுத்திருக்கிறார்கள்." உண்மைதான். சொல்லித்தரத் தெரியாது என்ற குற்றச்சாட்டுக்கு உடனே கைக்கு வரும் ஆயுதம் இது. தந்தையின் காதில் இது எப்படி விழும்? மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வருகிறது, உன் பிள்ளைக்குத்தான் வரவில்லை என்று விழும். அவர் கேட்டது தன் பிள்ளையைப் பற்றி. வகுப்பைப் பற்றிய பதில் அதற்குப் பதிலாகாது.

"அவன் வகுப்பில் அவ்வளவாகக் கவனிப்பதில்லை." இதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையின் மேல் பழி போட்டிருக்கிறேன். இந்த வாக்கியத்தை எழுதியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"உங்கள் கோபம் புரிகிறது, ஆனால்..." இதில் 'ஆனால்' வந்ததும் அதற்கு முந்தியது அழிந்துவிடுகிறது. ஒருவரின் கோபம் புரிகிறது என்று எழுத்தில் சொன்னால், அவரை ஓர் உணர்ச்சிவசப்பட்டவராக உட்கார வைத்துவிட்டு நாம் எதிரே நிதானமாக நிற்பதுபோல ஆகிவிடுகிறது. நேரில் சொன்னால் முகம் துணைக்கு வரும். மடலில் முகம் இல்லை.

"தவறு ஏதேனும் நடந்திருந்தால் மன்னிக்கவும்." நடந்ததா இல்லையா? பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை. 'நடந்திருந்தால்' என்று எழுதினால் நான் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

மாலை 3.30-க்கு அனுப்பிய பதில் இது. தலைமை ஆசிரியரை நகலில் அப்படியே வைத்தேன். அவரை அந்தத் தந்தைதான் சேர்த்திருந்தார். நான் நீக்கினால் மறைக்கிறேன் என்று தோன்றும். விடைத்தாளின் எல்லாப் பக்கங்களையும், அந்தக் கிறுக்கல் பக்கம் உட்பட, படம் எடுத்து இணைத்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று இரவு உங்கள் மகன் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்று காலை அவனோடு ஐந்து நிமிடம் பேசினேன். தயங்காமல் கணக்குப் போட்டுக் காட்டினான். உங்கள் மடலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

விடைத்தாளை முதல் கேள்வியிலிருந்து மறுபடி திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்த எட்டாவது விடையை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். அந்த விடை சரி. 2 மதிப்பெண் சேர்த்து, மொத்தத்தை 11 என்று பதிவேட்டில் திருத்திவிட்டேன். இது என் தவறு. வருந்துகிறேன்.

மீதி 14 மதிப்பெண் போன இடங்களை இணைப்பில் உள்ள தாளில் பார்க்கலாம். 8 மதிப்பெண் ஒரே பிழையால் போயிருக்கிறது. 5 1/4-லிருந்து 2 3/4-ஐக் கழிக்கும்போது, கால் பங்கிலிருந்து முக்கால் போகாது என்பதால், முக்காலிலிருந்து காலைக் கழித்திருக்கிறான். 9, 10, 11 மூன்று கேள்விகளிலும் இதுவே. ஒன்பதாம் கேள்வியை மூன்று முறை அழித்துப் போட்டதில் நேரம் போய், 5 மதிப்பெண் உள்ள கடைசிக் கேள்வியை எழுத முடியவில்லை. மீதி ஒரு மதிப்பெண் ஒரு சிறு கேள்வியில் போனது. கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை இல்லை.

வரும் திங்கள், செவ்வாய், புதன் மதிய இடைவேளையில் 15 நிமிடம் அவனோடு இந்த ஒரு படியை மட்டும் பார்க்கிறேன். இரண்டு வாரம் கழித்து நான்கு கணக்குகள் கொடுத்துப் பார்த்து, என்ன வந்தது என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

கை தூக்கியும் நான் கவனிக்கவில்லை என்று அவன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நினைவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகாது. அடுத்த வாரம் முழுவதும் அதைக் கவனிக்கிறேன்.

பேசலாம் என்று நினைத்தால் இன்று மாலை ஐந்திலிருந்து ஆறு வரை என்னை அழைக்கலாம்."

இதில் எந்த வாக்கியமும் அவருடைய கடுஞ்சொல்லுக்குப் பதில் சொல்லவில்லை. மக்காகிவிட்டானா, வகுப்பில் என்னதான் நடக்கிறது, சொல்லித்தரத் தெரியவில்லை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றில் எதைத் தொட்டாலும் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

அவர் மூன்று நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. அதைத் தொடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். உங்கள் உழைப்பின் பலன் தெரிகிறது என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு அடித்தேன். எனக்குத் தெரியாத ஒன்றைப் பாராட்டினால் அது முகத்துதி. இன்னொரு பக்கம், இந்தத் திருப்பிப் போடும் பழக்கம் வீட்டில் சொல்லிக்கொடுத்ததில் உறுதிப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. அதை எழுத்தில் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அனுப்புமுன் ஒரு வேலை பாக்கி. மடலை எனக்கு வேண்டாத ஒருவர் எழுதியதாக நினைத்துக்கொண்டு, அந்தக் குரலில் உரக்கப் படித்தேன். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம். தாங்கள் கிண்டலாகச் சொல்கிறோமா உண்மையாகச் சொல்கிறோமா என்பது மின்னஞ்சலில் எதிராளிக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் பெரிதும் நம்பினார்கள். படித்தவர்கள் கண்டுபிடித்தது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிய மேலாக இல்லை. நம் தலைக்குள் கேட்கும் கனிவான குரல் மடலோடு போகாது. அப்படி வாசித்ததில் "இணைப்பில் உள்ள தாளில் தெளிவாகப் பார்க்கலாம்" என்று முதலில் எழுதியிருந்தது உறுத்தியது. 'தெளிவாக' என்பதில் உனக்குக் கண் இல்லையா என்ற தொனி இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. முதலில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த ஓட்டையைப் பார்த்தேன் மேடம்" என்றார். படத்தில் அது தெரிந்திருக்கிறது. நேற்று எழுதியதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டுப் பேச்சை அங்கே கொண்டுபோனேன். சாப்பிட்டுவிட்டு விளையாடப் போயிருக்கிறான் என்றார்.

"வீட்டில் போட்டதெல்லாம் சரியாகத்தானே வந்தது? நானே பார்த்தேனே" என்று கேட்டார். வருத்தமாகக் கேட்டார், குற்றம் சாட்டவில்லை. "அந்த நோட்டு பக்கத்தில் இருந்தால் கழித்தல் கணக்குகளை மட்டும் வாசிக்கிறீர்களா ஐயா?" என்றேன். எடுத்துவந்து வாசித்தார். "5 3/4-ல் 2 1/4. 8 4/5-ல் 3 2/5. 6 5/7-ல் 1 3/7." நான்காவதைத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "எல்லாவற்றிலும் முதல் பின்னம்தான் பெரிதாக இருக்கிறது" என்றார்.

ஆம். பயிற்சியின் தொடக்கத்தில் உள்ள கணக்குகள் அப்படித்தான் இருக்கும். முழு எண் தனி, பின்னம் தனி என்று கழித்தால் எல்லாம் சரியாக வரும். அந்த வழி உடைவது அடுத்த பகுதியில். வீட்டில் அந்தப் பகுதிக்கு அவர்கள் போகவில்லை. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டான் என்று அவர் எழுதியது உண்மை. தேர்வில் 3 2/4 என்று வந்ததும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. நானும் என் பங்கைச் சொன்னேன்: முழு எண்ணை உடைத்துக் கழிக்கும் அந்தப் படிக்கு நான் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளைதான் கொடுத்திருந்தேன். அது போதவில்லை என்பது இப்போது தெரிகிறது.

பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் கடினமானவை. முதலாவது: "பதினொன்றில் வகுத்தலைச் சரியாகத்தானே செய்திருக்கிறான், அதற்கு ஏன் மதிப்பெண் இல்லை?" நியாயமான கேள்வி. விடைக்குறிப்பை நானும் அடுத்த பிரிவின் ஆசிரியரும் சேர்ந்து போட்டோம், இரு பிரிவுகளின் தாள்களும் அதன்படியே திருத்தப்பட்டன, ஒருவனுக்கு மட்டும் மாற்றினால் மற்றவர்களுக்கு அநியாயம் என்றேன். அதோடு, அந்தக் குறிப்பு சரியில்லை என்று எனக்கும் தோன்றுகிறது, அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றும் சொன்னேன். பேசினோம். தவறான எண்ணோடு தொடங்கினாலும் அடுத்த படியைச் சரியாகச் செய்தால் அந்தப் படிக்கு மதிப்பெண் உண்டு என்று அடுத்த தேர்விலிருந்து மாற்றிக்கொண்டோம்.

இரண்டாவது: "நான்கு கணக்கும் சரியாகப் போட்டால் மதிப்பெண்ணை மாற்றுவீர்களா?" இல்லை என்று சொன்னேன். 11 என்பது அன்று அவனுக்குத் தெரிந்ததைக் காட்டுகிறது, அது அப்படியே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துத் தெரிவதை அடுத்த தேர்வு காட்டும். சமாதானத்துக்காக இந்த இடத்தில் வளைந்துகொடுக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். கோபமாக எழுதினால் மதிப்பெண் கூடும் என்று ஒரு வீடு கற்றுக்கொண்டுவிடும், கோபமாக எழுதத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் பாவம் அப்படியே நிற்பார்கள். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "சரி" என்றார்.

எல்லா மடலுக்கும் இந்த வழி செல்லாது. மிரட்டல் இருந்தால், அல்லது பிள்ளையை அடித்தார்கள், ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தால், ஆசிரியர் தனியாகப் பதில் எழுதக் கூடாது. அது பள்ளி நிர்வாகம் விசாரிக்க வேண்டியது. நான் எழுதிய வகைப் பதில் வேலை செய்கிறதா என்பதை அடுத்த மடலில் கண்டுபிடித்துவிடலாம். அவர் தாளைப் பற்றிக் கேட்டால் வேலை செய்கிறது. தாளை விட்டுவிட்டுப் புதிய குற்றச்சாட்டுகளை அடுக்கினால் எழுத்தை அங்கே நிறுத்திவிட்டு, தலைமை ஆசிரியரையும் வைத்துக்கொண்டு நேரில் பேச வேண்டும். மூன்றாவது விளக்க மடலால் எதுவும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

மூன்று மதிய இடைவேளைகளில் நாங்கள் செய்தது காகிதப் பட்டைகளை வெட்டியதுதான். ஐந்து முழுப் பட்டைகள், ஒரு கால் பட்டை. "இதிலிருந்து முக்கால் எடு" என்றேன். கால் பட்டையைக் கையில் எடுத்தான், வைத்தான். முழுப் பட்டைகளைப் பார்த்தான். "ஒன்றை வெட்டலாமா டீச்சர்?" என்று கேட்டான். வெட்டு என்றேன். திங்கள் முழுவதும் பட்டையிலேயே போயிற்று. செவ்வாய்க்கிழமை பட்டையும் எழுத்தும் சேர்ந்தன. புதனன்று பட்டையை எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்த நான்கு கணக்குகளில் மூன்று சரி. நான்காவதில் கீழெண்கள் வெவ்வேறாக இருந்தன. அவற்றைச் சமப்படுத்தியபின் முழு எண்ணை உடைக்க மறந்துவிட்டான். தந்தைக்கு அப்படியே எழுதினேன்: மூன்று வந்தது, ஒன்று வரவில்லை, அது இன்ன இடத்தில். "நன்றி. அந்த வகையில் ஐந்து கணக்கு அனுப்ப முடியுமா?" என்று பதில் வந்தது.

கை தூக்கும் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. சொன்னபடி அந்த வாரம் அவனைக் கவனித்தேன். செவ்வாய்க்கிழமை, கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பியபோது மூன்றாவது வரிசையில் அவன் முழங்கை மேசையை விட்டு எழவில்லை. விரல்கள் மட்டும் காதுக்குப் பக்கத்தில் மடங்கி நின்றன, தலையைச் சொறிகிறவன்போல. முன்னால் உட்கார்ந்திருந்த உயரமான பையனின் தோளுக்குப் பின்னால் அது பாதிதான் தெரிந்தது. அவன் கை தூக்கத்தான் செய்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.